வீட்டு வரிப் பட்டியலிலிருந்து கிருஷ்ணகிரிப் பேட்டையின் மக்கள்தொகை: என் அனுபவம்

1792ஆம் ஆண்டில் திப்பு சுல்தானிடமிருந்து, கிருஷ்ணகிரியைச் சேர்ந்த பாரமகால் பகுதி கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்த காலத்தில் கிருஷ்ணகிரிப் பேட்டையில் எத்தனை பேர் வாழ்ந்தார்கள் என்று கணிப்பது என் ஆய்வேட்டின் ஓர் இயல். அந்த இயல் முடிந்துவிட்டது. ஆனாலும் அதற்காகச் சென்னைக்குப் போன முதல் பயணம் வீணானதில் மனம் இன்னும் ஆறவில்லை. வழிகாட்டி கொடுத்த கடிதத்தில் ஆய்வுக்காலத்தின் ஆண்டுகள் இல்லை என்று சொல்லி, அங்கிருந்த ஓர் ஆவணக் காப்பகத்தின் எழுத்தர் என்னைப் படிப்பறைக்குள்ளேயே விடவில்லை. பின்னால் வருபவர்கள் கடிதத்தில் தலைப்போடு ஆண்டுகளையும் எழுதி வாங்கிச் செல்லுங்கள். அவற்றை அக்கால வரிக் கணக்கின் ஆண்டான பசலியிலும் குறித்துக்கொள்ளுங்கள். 1792-93 என்பது பசலி 1202.

பட்டியல் கைக்கு வந்த பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்கியது. பழைய வரிப் பதிவேடு ஆட்களை எண்ணுவதில்லை. வரி தருபவற்றையே எண்ணுகிறது. வீடு, கடை, தறி, தொழில் ஆகியவற்றின் மேல் விதித்த மொகதர்பா வரியில், நிலவரி கட்டும் உழவர்கள் பல இடங்களில் சேர்வதில்லை. மானியம் பெற்ற அர்ச்சகர்களும் தலையாரி போன்ற ஊர்ப் பணியாளர்களும் விடுபட்டிருக்கலாம். ஆகவே வரிப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு பெருக்கத் தொடங்கினால், ஊரில் ஒரு பகுதியே காணாமல் போய்விடும். விடுபட்டவர்களைத் தேட மானியப் பதிவுகளைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அவற்றின் அட்டவணை எண் பிழையாக இருந்ததால், நான் கேட்ட கட்டுக்குப் பதிலாக வேறொரு தாலுகாவின் கட்டு வந்து அன்றைய பொழுது போயிற்று.

கணக்கு எப்படிப் போகும் என்பதற்கு ஒரு மாதிரி சொல்கிறேன். பட்டியலில் 300 வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு 4 பேர் என்றால் 1,200. ஐந்தரைப் பேர் என்றால் 1,650. வரி கட்டாத வீடுகள் மொத்தத்தில் ஐந்தில் ஒன்று என்று மானியப் பதிவுகள் காட்டினால், ஊரின் மொத்த வீடுகள் 375 ஆகும். அப்போது மக்கள்தொகை 1,500 முதல் ஏறக்குறைய 2,060 வரை போகும். வீட்டுக்கு எத்தனை பேர் என்பதை ஏதோ ஒரு நூலிலிருந்து எடுத்துவிடாமல், வீடுகளும் ஆட்களும் இரண்டுமே எண்ணப்பட்டுள்ள பக்கத்து ஊர் ஒன்றை அதே காலத்துக் கணக்கில் தேடி, அந்த விகிதத்தை எடுப்பதே நல்லது.

இதற்கெல்லாம் மேலாகத் திப்புவோடு கும்பினி நடத்திய போர் இருக்கிறது. 1791 நவம்பரில் கும்பினியின் கர்னல் மாக்ஸ்வெல்லின் படை கிருஷ்ணகிரியைத் தாக்கியது. பேட்டைக்குள் நுழைந்தாலும் மலைக்கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. அதன் பின் பாரமகாலின் வரி நிர்வாகத்துக்குப் பொறுப்பேற்ற அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர்களும் இப்பகுதியில் கணக்கெடுக்கத் தொடங்கியபோது, ஓடிப்போன குடிகள் எல்லோரும் திரும்பியிருப்பார்கள் என்று கொள்ள முடியாது. அடுத்த சில பசலிகளில் வரி வீடுகள் கூடியிருந்தால், அதில் பெரும்பங்கு வெளியேறியவர்கள் வீடு திரும்பியது; பிறப்பால் ஊர் அவ்வளவு விரைவில் பெருகாது. ஒரே ஆண்டின் பட்டியலோடு நிற்காமல், தொடர்ந்து நான்கைந்து பசலிகளை அடுக்கிப் பார்த்தால் இந்த ஏற்றம் தெளிவாகத் தெரியும். பழைய பேட்டையும் தௌலதாபாத் என்ற புதுப் பேட்டையும் ஒரே பெயரின் கீழ் வருகின்றனவா, தனித்தனியா என்பதையும் ஒவ்வொரு பட்டியலிலும் சரிபார்க்க வேண்டும்.

இயலைப் படித்த ஒரு பேராசிரியர், இரண்டு எல்லைகள் வேண்டாம், ஒரே எண் கொடு என்று வற்புறுத்தினார். 1881 கணக்கெடுப்பிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் எளிதாகக் கிடைக்குமே என்றும் சொன்னார். 1876-78 பஞ்சத்துக்கு முன்பு, 1871இல், கிருஷ்ணகிரியும் அடங்கியிருந்த சேலம் மாவட்டத்தில் 19 இலட்சத்துக்கும் மேல் மக்கள் இருந்தார்கள். 1881இல் அது 16 இலட்சத்துக்குள் சுருங்கியது. அப்படிப்பட்ட பள்ளத்தில் நின்று தொண்ணூறு ஆண்டுகள் பின்னால் அளக்க முடியாது என்று எழுதிக் கொடுத்தேன். கூடவே லண்டனையும் காட்டினேன். 1377ஆம் ஆண்டுத் தலைவரியை 14 வயதுக்கு மேற்பட்டவர்களில் 23,314 பேர் அங்கே கட்டினார்கள். சிறுவர்கள் மூன்றில் ஒரு பங்கு என்றால் நகரின் மக்கள்தொகை சுமார் 35,000. சிறுவர், விலக்கு பெற்றோர், ஏய்த்தோர் எல்லோரும் சேர்ந்து பாதி என்றால் 46,000க்கும் மேல். பட்டியல் அத்தனை தெளிவாக இருந்தும் இவ்வளவு இடைவெளி இருக்கிறது. என் இயல் இரண்டு எல்லைகளோடும், ஒவ்வொன்றுக்கும் எந்தப் பசலி, எந்தப் பேட்டை, வீட்டுக்கு எத்தனை பேர் என்ற விவரத்தோடும் அப்படியே ஏற்கப்பட்டது.