தேங்காய்த் துருவியின் பிடிக்கு ஃபஸ்ஸி ஸ்கின் போட்ட அனுபவம்

அம்மாவிடம் மேசையில் ஒட்டி வைத்துக் கையால் சுற்றும் தேங்காய்த் துருவி ஒன்று இருக்கிறது. அதன் மரக் குமிழ் வெடித்துப் போய், வெறும் போல்ட்டைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தார். 3டி பிரிண்டர் வீட்டில் இருக்கும்போது இதைக்கூடச் செய்யாமல் இருக்க முடியுமா என்று ஒரு பிடியை வரைந்தேன். 32 மி.மீ. விட்டம், 85 மி.மீ. நீளம், நடுவில் 8 மி.மீ. போல்ட் போவதற்கு 8.4 மி.மீ. துளை, அவ்வளவுதான். போல்ட்டைச் சுற்றி இந்தப் பிடி தானாகச் சுழல வேண்டும், கைக்குள் அது அசையாமல் நிற்க வேண்டும்.

முதலில் எந்த வேலைப்பாடும் இல்லாமல் வழவழப்பாக பிஇடிஜி பிளாஸ்டிக்கில் அச்சடித்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஆனால் தேங்காய்ப் பாலும் எண்ணெய்ப் பசையும் பட்ட கையில் மீனைப் பிடித்த மாதிரி வழுக்கியது. ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தால் அடுக்குக் கோடுகள் வரிவரியாகத் தெரிந்தன, பின்பக்கம் ஒவ்வொரு அடுக்கும் தொடங்கி முடியும் இடம் ஒரு தழும்பு மாதிரி மேலிருந்து கீழ் வரை ஓடியது. இந்த இரண்டு குறைக்கும் ஒரே மருந்து, வெளிச்சுவரை வேண்டுமென்றே சொரசொரப்பாக்கும் ஃபஸ்ஸி ஸ்கின் என்ற அமைப்பு என்று தெரிந்துதான் அதில் இறங்கினேன். ஆனால் சரியான அளவுக்கு வந்து சேர நான்கு பிடிகள் அச்சடிக்க வேண்டியிருந்தது.

அது என்ன செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வரும் தவறுகள் எல்லாம் இதிலிருந்துதான் வந்தன. வெளிச்சுவரை, உருகிய இழையை விடும் நாசில் வழக்கமாக ஒரே சீரான வட்டமாகப் போட்டுக்கொண்டு போகும். ஃபஸ்ஸி ஸ்கின் போட்டால், மாடலை அடுக்குகளாக வெட்டிப் பிரிண்டருக்குப் பாதை எழுதித் தரும் ஸ்லைசர் மென்பொருள் அந்த வட்டத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு புள்ளியையும் கொஞ்சம் உள்ளேயோ வெளியேயோ தன் போக்கில் தள்ளிவிடுகிறது. `Fuzzy skin thickness` என்பது எவ்வளவு தூரம் தள்ளலாம் என்பதற்கான எல்லை. `Fuzzy skin point distance` என்பது இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் சராசரியாக எவ்வளவு இடைவெளி என்பது. என் ஸ்லைசரில் இவற்றுக்குத் தானாக இருந்த அளவு 0.3 மி.மீ., 0.8 மி.மீ. இங்கே கவனிக்க வேண்டியது, 0.3 என்றால் உள்ளேயும் 0.3, வெளியேயும் 0.3. அதாவது மேடு ஒரு பக்கம் 0.3 துருத்தினால், எதிர்ப் பக்கத்தையும் சேர்த்து விட்டம் 0.6 வரை கூடும்.

இதைப் புரிந்துகொள்ளாமல்தான் இரண்டாவது பிடி வீணாயிற்று. ஆர்கா ஸ்லைசரில் `Fuzzy Skin` என்ற இடத்தில் `Contour`, `Contour and hole`, `All walls` என்று மூன்று தேர்வுகள் இருக்கின்றன. நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். பிடி வெளியே சொரசொரப்பாக நன்றாக வந்தது, ஆனால் போல்ட்டைச் செருகினால் வாயிலேயே நின்றுவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தேன், துளைக்குள்ளும் சுவர் முழுக்க முள் முள்ளாக இருந்தது. 8.4 மி.மீ. துளையில் இரண்டு பக்கமும் 0.3 துருத்தினால் மிச்சம் 7.8 தானே, 8 மி.மீ. போல்ட் எப்படிப் போகும். துரப்பணம் போட்டுத் துளையைப் பெரிதாக்கலாம் என்று பார்த்தால், மேடுகள் உரிந்து தூளாக வந்ததே தவிர உள்சுவர் சீராகவில்லை. சுழலும் துளை, செருகும் துளை எது இருந்தாலும் `Contour` மட்டும்தான் போட வேண்டும். புருசா ஸ்லைசரில் இதற்கு `Outside walls` என்று பெயர், அங்கே `All walls` போட்டால் துளைக்குள்ளும் வந்துவிடும்.

மூன்றாவது பிடியில் துளை சரியாக வந்தது, 0.3-ம் 0.8-ம் அப்படியே விட்டிருந்தேன். அம்மா கையில் வாங்கியதும், "என்னடா இது, பலாப்பழத் தோலு மாதிரி இருக்கு" என்றார். இருந்தாலும் ஒரு முழுத் தேங்காயைத் துருவினார். வழுக்கவே இல்லை. ஆனால் துருவி முடித்ததும் உள்ளங்கையைக் காட்டினார், கட்டைவிரலுக்குக் கீழே உள்ள சதை சிவந்திருந்தது. துருவிப் பிடியில் கை ஒரே இடத்தில் அழுந்தி, சுற்றுக்குச் சுற்று அழுத்தம் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு திருகாணியை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வைக்கிற பிடிக்கு இந்தச் சொரசொரப்பு தாங்கும், பத்து நிமிடம் தொடர்ந்து பிடிக்கிற பிடிக்குத் தாங்காது.

அதைவிட எனக்கு உறுத்தியது வேறு. நகத்தால் கீறிப் பார்த்தபோது இரண்டு மூன்று இடங்களில் இழை நூல் போலத் தூக்கிக்கொண்டு வந்தது. வெளிச்சுவர் வெளியே தள்ளப்படுகிற இடத்தில் அதற்குப் பின்னால் உள்ள சுவரோடு ஒட்டாமல் ஒரு சின்ன வெற்றிடம் விழுந்துவிடுகிறது. என் நாசில் 0.4, வெளிச்சுவர்க் கோட்டின் அகலம் 0.42. அதில் 0.3 தள்ளினால் ஒட்டிக்கொள்ள எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று நீங்களே பாருங்கள். உள்ளே தள்ளப்படுகிற இடத்தில் நேர்மாறாக, கோடு கோட்டின் மேல் ஏறிப் பிதுங்குகிறது. எப்போதாவது தொடுகிற பெட்டிக்கோ பூச்சாடிக்கோ இது பெரிய விஷயம் இல்லை, ஆனால் தினமும் தேய்க்கிற பிடியில், அதுவும் சமையல் செய்கிற இடத்தில், இழை உரிந்து வரக்கூடாது.

நான்காவதற்கு 0.15 தடிமனும் 0.4 இடைவெளியும் வைத்தேன். சுவர் எண்ணிக்கையை இரண்டிலிருந்து நான்காக்கினேன், உள்சுவர் முதலில் விழுந்து அதன் மேல் வெளிச்சுவர் சாய்கிற வரிசையைத்தான் வைத்தேன். இடைவெளியை இன்னும் குறைத்து 0.2 வைத்தால் என்ன என்று ஒரு சின்ன உருளையில் முயன்றேன், பயன் இல்லை, இழையே 0.42 அகலம் இருக்கும்போது அதைவிட நெருக்கமான மேடு பள்ளத்தை அது தானே மழுக்கிவிடுகிறது. 0.4-இல் வந்தது நைசான உப்புத்தாள் தேய்ந்த பிறகு இருக்கிற மாதிரி ஒரு பிடிமானம். கரடுமுரடு சரியா என்று பார்க்க ஒரு பழைய பருத்தித் துண்டை அழுத்தி இழுத்துப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது: துணி நழுவாமல் தயங்கி வந்தால் சரி, நூல் சிக்கி நின்றால் தடிமன் அதிகம்.

நேரம் கூடும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 32 மி.மீ. விட்டத்துக்குச் சுற்றளவு சுமார் 100 மி.மீ. அதில் 0.4-க்கு ஒரு புள்ளி என்றால் ஒரு அடுக்குக்கு 250 திருப்பங்கள், 0.2 மி.மீ. உயரத்தில் 425 அடுக்குகள், மொத்தம் லட்சத்துக்கு மேல். வெளிச்சுவர் வேகம் நொடிக்கு 120 மி.மீ. என்று எழுதியிருந்தாலும் இயந்திரம் ஒருபோதும் அதை எட்டுவதில்லை, திரும்பித் திரும்பி நடுங்கி வண்டு மாதிரி ரீங்கரிக்கிறது. 50-க்கு இறக்கிய பிறகுதான் சத்தமும் அடங்கியது, மேடுகளும் தெளிவாக வந்தன. வழுவழுப்பான பிடி ஒரு மணி இருபது நிமிடத்தில் முடிந்தது, இது இரண்டு மணி நேரத்தைத் தொட்டது.

இப்போது அடுக்குக் கோடுகள் விஷயம். உண்மையில் கோடுகள் எங்கும் போகவில்லை, அப்படியேதான் இருக்கின்றன. ஒரே சீராக, ஒரே இடைவெளியில், பக்கவாட்டு வெளிச்சத்தில் மினுங்குவதால்தான் கண் அவற்றைப் பிடிக்கிறது. ஒவ்வொரு அடுக்கும் தன் போக்கில் நெளியும்போது அந்தச் சீர் உடைந்துவிடுகிறது, பின்பக்கத் தழும்பும் அந்தக் கூட்டத்தில் கலந்து காணாமல் போகிறது. மங்கலான நிறத்தில் இது நன்றாக வேலை செய்கிறது. பட்டு மாதிரி பளபளக்கும் ஃபிலமென்டில் ஒவ்வொரு மேடும் தனித்தனியாக மின்னி, மறைப்பதற்குப் பதில் காட்டிக் கொடுத்துவிடும்.

ஆனால் இது பக்கச் சுவருக்கு மட்டும்தான். மேல்முகத்தையும் அடிமுகத்தையும் தொடுவதில்லை, முதல் அடுக்கையும் வழக்கமாக விட்டுவிடுகிறது. நான் முதலில் பிடியின் நுனியை உருண்டையாக, கும்பம் மாதிரி வரைந்திருந்தேன். அந்தச் சரிவில் படிக்கட்டு மாதிரி வட்டங்கள் முன்பைவிட மோசமாகத் தெரிந்தன, ஒவ்வொரு படியின் விளிம்பும் பிய்ந்த மாதிரி. உருண்டையை எடுத்துவிட்டு 45 பாகைச் சரிவு, அதற்கு மேல் தட்டையான முகம் என்று மாற்றினேன். அடியிலும் அதே மாதிரி ஒரு சின்னச் சரிவு வைத்தால், முதல் அடுக்கின் வழவழப்பான விளிம்பு தனியாகத் தெரியாது. அடிப்பக்கச் சரிவு மட்டும் அதிகம் போகக்கூடாது, தாங்க ஆள் இல்லாத இடத்தில் வெளியே தள்ளப்பட்ட இழை தொங்கிப்போகும், பிஇடிஜியில் அது இன்னும் சீக்கிரம் தொங்கும்.

இதனால்தான் பிடியை நிமிர்த்தி வைத்து அச்சடிக்க வேண்டியிருக்கிறது. படுக்க வைத்தால் மேல்பாதியில் படிக்கட்டும் அடிப்பாதியில் தொங்கலும் வந்து, சொரசொரப்பு இரண்டு பக்கவாட்டில் மட்டும் நிற்கும். நிமிர்த்தி அச்சடித்ததற்கு ஒரு விலை உண்டு: குறுக்கே வளைத்தால் அடுக்கு அடுக்காகப் பிளந்துவிடும். என் பிடியில் போல்ட் நீளம் முழுக்க ஓடுவதால் பாரத்தை இரும்பு வாங்கிக்கொள்கிறது. உள்ளே கம்பி இல்லாத நீளமான பிடி என்றால் நான் படுக்க வைத்தே அச்சடிப்பேன், பிடிமானத்துக்கு மாடலிலேயே வரிப்பள்ளம் வரைந்துகொள்வேன்.

கடைசியாக ஒரு மாற்றம் செய்தேன். இரண்டு முனையிலும் 12 மி.மீ. வழவழப்பாக விட்டு, நடுவில் மட்டும் சொரசொரப்பு வைத்தேன். ஸ்லைசரில் பிடியைவிடச் சற்றுப் பெரிய உருளை ஒன்றை மாடிஃபையராகச் சேர்த்து, அதற்குள் மட்டும் ஃபஸ்ஸி ஸ்கின் போட்டால் போதும், உருளை பிடியின் முழு அகலத்தையும் மூடியிருக்க வேண்டும். விரல் நுனிகள் படுகிற முனைகளில் மாவும் துருவலும் சேராமல் இருக்க இது உதவுகிறது.

அழுக்குதான் இதில் மிஞ்சியிருக்கும் தொந்தரவு. துருவல் அந்தக் குழிகளில் போய் உட்கார்ந்தால், காய்ந்த பிறகு வெறும் தண்ணீரில் போகாது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சோப்பு போட்டு உடனே தேய்த்துவிட்டால் போய்விடுகிறது. வெள்ளைப் பிடியில் மஞ்சள் கறை இறங்கி நின்றுவிட்டது, அதனால் அம்மாவுக்குக் கொடுத்தது கரும்பச்சை. நான்கு மாதமாக ஓடுகிறது, கை அழுந்துகிற இடத்தில் மட்டும் மேடுகள் லேசாக மழுங்கி மினுமினுப்பாகியிருக்கின்றன. அம்மாவிடம் மாற்றித் தரட்டுமா என்று கேட்டேன், "இப்பதான்டா கைக்குப் பழகியிருக்கு, விடு" என்று சொல்லிவிட்டார்.