ஃபிளாட் வட்டியா, குறையும் நிலுவை வட்டியா? தவணைக் கணக்கில் மதிப்பெண் போகும் இடங்கள்

பன்னிரண்டாம் வகுப்பு சிபிஎஸ்இ அப்ளைடு மேத்தமேடிக்ஸில் நிதிக் கணிதப் பகுதியில் மாதத் தவணையை, அதாவது இஎம்ஐயை, இரண்டு முறையிலும் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். ஒன்று ஃபிளாட் முறை, மற்றது குறையும் நிலுவை முறை. தனித்தனியாகக் கேட்டால் பெரும்பாலானோர் போட்டுவிடுவார்கள். இரண்டையும் ஒரே கேள்வியில் வைத்து எது மலிவு என்று கேட்கும்போதுதான் தடுமாற்றம் தொடங்குகிறது. ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு அதைக் கடைசி வரை பார்ப்போம்.

கடன் ரூ.1,20,000. ஆண்டு வட்டி 12%. மூன்று ஆண்டு, மாதத் தவணை. மொத்தம் 36 தவணை.

ஃபிளாட் முறையில் வேலை சுலபம். ஆண்டுக்கு 14,400 வட்டி, மூன்று ஆண்டுக்கு 43,200. அசலோடு சேர்த்தால் 1,63,200. அதை 36ஆல் வகுத்தால் மாதம் ரூ.4,533.33. இந்த முறையில் கடைசி மாதம் வரை முழு 1,20,000க்கும் வட்டி போடப்படுகிறது. ஒவ்வொரு தவணையிலும் அசலில் 3,333.33 கழிந்துகொண்டே வந்தாலும் வட்டி அதைக் கண்டுகொள்வதில்லை. 36ஆவது மாதம் கையில் மிச்சமிருக்கும் அசல் வெறும் 3,333.33. அந்த ஒரு மாதத்துக்கு அதன்மேல் வாங்கும் வட்டி 1,200. அந்த மாதத்துக்கு மட்டும் பார்த்தால் மாத வட்டியே 36%. ஃபிளாட் ஏன் விலை கூடியது என்பதை இந்தக் கடைசி மாதமே சொல்லிவிடும்.

குறையும் நிலுவை முறையில் ஒவ்வொரு மாதமும் அப்போது மிச்சமிருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி. தவணைத் தொகை மாறாமல் இருக்க வேண்டும் என்பதால் சூத்திரம் தேவைப்படுகிறது.

```
EMI = P × i / (1 − (1 + i)^−n)
P = 120000,  i = 0.12/12 = 0.01,  n = 36
(1.01)^−36 = 0.698925
EMI = 1200 / 0.301075 = 3985.72
```

மாதம் ரூ.3,985.72. மொத்தம் 1,43,485.92, அதில் வட்டி 23,485.92. ஃபிளாட்டில் 43,200 ஆனது இங்கே பாதியைக் கொஞ்சம் தாண்டியதோடு நிற்கிறது. விகிதம் இரண்டிலும் 12% தான்.

முதல் மூன்று மாதத்தைக் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். முதல் மாத வட்டி 1,200, அசலில் கழிவது 2,785.72, நிலுவை 1,17,214.28. இரண்டாம் மாத வட்டி இந்த நிலுவையில் 1%, அதாவது 1,172.14. அசலில் 2,813.58 போகிறது, நிலுவை 1,14,400.70. மூன்றாம் மாத வட்டி 1,144.01. தவணை அசையாமல் நிற்க, உள்ளே வட்டியின் பங்கு இறங்கி அசலின் பங்கு ஏறுகிறது. ஆண்டு வாரியாகக் கூட்டினால் முதல் ஆண்டு வட்டி சுமார் 12,499, இரண்டாம் ஆண்டு 8,018, மூன்றாம் ஆண்டு 2,969. ஃபிளாட்டில் மூன்று ஆண்டும் அதே 14,400. விடைத்தாளில் ஒப்பிட்டு எழுதச் சொன்னால் இந்த மூன்று எண்களை எழுதுங்கள். பத்து வரி விளக்கத்தைவிட அவை தெளிவாகப் பேசும்.

இனி தவறு நடக்கும் இடங்கள். முதலாவது, i, n இரண்டுக்கும் ஒரே கால அளவு வைக்காதது. தவணை மாதத்துக்கு என்றால் வட்டியும் மாத வட்டியாக இருக்க வேண்டும். i = 0.12 என்று வைத்து n = 36 போட்டால் தவணை 14,648 வரும். 36 மாதத்தில் ஐந்தே கால் லட்சத்தைத் தாண்டுகிறது என்பதால் இந்தத் தவறு தானாகவே கண்ணில் படும். ஆபத்தானது அடுத்தது. ஆண்டுக் கணக்கிலேயே i = 0.12, n = 3 என்று போட்டு, வந்த ஆண்டுத் தவணையை 12ஆல் வகுப்பது. விடை 4,163.49. பார்க்க நியாயமான எண்ணாகத் தெரிவதால் பலர் சந்தேகப்படாமல் விட்டுவிடுகிறார்கள். ஆண்டு முடிவில் மொத்தமாகக் கட்டுபவர் அந்த ஆண்டு முழுவதும் முழு நிலுவைக்கும் வட்டி கட்டுகிறார். மாதாமாதம் கட்டுபவருக்கு நிலுவை மாதாமாதம் இறங்குகிறது. அதனால்தான் இந்த எண் கூடுதலாக வருகிறது. உங்கள் விடைக்கும் விடைக்குறிப்புக்கும் இடையே சில நூறு ரூபாய் வித்தியாசம் இருந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

இரண்டாவது, தசமத்தை அவசரப்பட்டு வெட்டுவது. 0.698925ஐ 0.70 என்று எழுதினால் பகுதி 0.30 ஆகி, தவணை சரியாக 4,000 என்று வந்து நிற்கும். ஒரு மாதத்துக்கு 14 ரூபாய் தவறு, 36 மாதத்துக்கு 514 ரூபாய். 1இலிருந்து கழித்த பிறகு எண் சிறிதாகிவிடுவதால் சின்னப் பிழையும் பெரிதாகிறது. கேள்வியில் (1.01)^36 = 1.4308 என்று கொடுத்திருந்தால் தலைகீழாக்க வேண்டியதில்லை. 1200 × 1.4308 / 0.4308 என்று நேராகப் போடுங்கள், 3,985.52 வரும். கொடுத்த மதிப்பிலேயே போட்டிருப்பதால் இருபது பைசா வித்தியாசத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்.

விடையைச் சரிபார்க்க ஒரு நல்ல வழி உண்டு. ஃபிளாட் வட்டியை (n + 1)/(2n) ஆல் பெருக்குங்கள். இங்கே 43,200 × 37/72 = 22,200. சமத் தவணை முறையில் வரும் உண்மையான வட்டி இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். நமக்கு வந்தது 23,486, சரி. இந்த 22,200 சும்மா கிடைத்த எண் இல்லை. மாதாமாதம் அசலில் சமமாக 3,333.33 கழித்து, மிச்சத்துக்கு மட்டும் வட்டி போட்டால் வரும் மொத்த வட்டி அது. முதல் மாதம் 1,200, பிறகு மாதம் 33.33 வீதம் இறங்கும். சமத் தவணையில் ஆரம்ப மாதங்களில் அசல் மெதுவாகக் கழிவதால் (முதல் மாதம் 3,333 அல்ல, 2,786) நிலுவை உயரத்திலேயே நிற்கிறது. அதனால் வட்டி சற்றுக் கூடுகிறது.

இலங்கையில் சாதாரண தரக் கணிதம் படித்தவர்களுக்கு இந்த 22,200 பழக்கப்பட்டது. அங்கே குறைந்து செல்லும் மீதிக்கான வட்டியை மாத அலகு கொண்டு கணிக்கிறார்கள். ஒரு மாதத்தில் கழியும் அசலான 3,333.33 ஒரு மாதம் நிலுவையில் இருந்தால் அது ஓர் அலகு. 36/2 × 37 = 666 மாத அலகு, ஓர் அலகுக்கு வட்டி 33.33. வட்டி 22,200, தவணை (1,20,000 + 22,200)/36 = 3,950. ஒரே கேள்விக்கு இங்கே 3,985.72, அங்கே 3,950. இரண்டும் அந்தந்தப் பாடத்திட்டத்தில் சரி. வேறு நாட்டுப் பயிற்சித்தாளை எடுத்துப் போடுகிறவர்கள் விடை பொருந்தவில்லை என்று குழம்புவது இதனால்தான். தாள் எந்த முறையைக் கேட்கிறது என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

இப்போது உண்மையான சோதனைக் கேள்வி. அதே 1,20,000 கடன், அதே மூன்று ஆண்டு. ஒருவர் 7% ஃபிளாட் என்கிறார், இன்னொருவர் 12% குறையும் நிலுவை என்கிறார். எது மலிவு? 7 சின்ன எண் என்பதால் கை தானாக அங்கே போகும். போட்டுப் பார்த்தால் 7% ஃபிளாட்டில் வட்டி 25,200, தவணை 4,033.33. 12% குறையும் நிலுவையில் தவணை 3,985.72. பன்னிரண்டுதான் மலிவு, மாதம் 47.61 ரூபாய். எங்கே சமமாகும் என்றும் கேட்கலாம். 23,485.92ஐ 3,60,000ஆல் வகுத்தால் 6.52%. அதாவது இந்தக் கடனுக்கு 12% குறையும் நிலுவையும் 6.52% ஃபிளாட்டும் ஒன்று.

மறுபக்கம் கேட்டால், 12% ஃபிளாட் என்பது குறையும் நிலுவையில் எத்தனை சதவீதம்? இதைக் கையால் நேராகத் தீர்க்க முடியாது, முயன்று பார்த்துத்தான் நெருங்க வேண்டும். மாத வட்டி 1.75% வைத்தால் தவணை 4,521, 1.8% வைத்தால் 4,558. நமக்கு வேண்டியது 4,533. இடையில் சுமார் 1.767%. ஆண்டுக்கு 21.2%. வீட்டில் எக்செல் இருந்தால் இரண்டையும் இப்படிச் சரிபார்க்கலாம்.

```
=PMT(0.12/12, 36, -120000)
=RATE(36, -4533.33, 120000)*12
```

ஃபிளாட் விகிதத்தை இரண்டால் பெருக்கினால் போதும் என்று ஒரு குறுக்குவழி உலவுகிறது. நமது கணக்கில் அது 24% என்று காட்டும், உண்மை 21.2%. விடையின் திசையை ஊகிக்க அது உதவும், விடையாக எழுத உதவாது. கடன் காலம் நீள நீள அந்தக் குறுக்குவழி இன்னும் விலகிப் போகும். 12% குறையும் நிலுவைக்குச் சமமான ஃபிளாட் விகிதம் மூன்று ஆண்டுக்கு 6.52%, ஐந்து ஆண்டுக்கு 6.69%, பத்து ஆண்டுக்கு 7.22%, இருபது ஆண்டுக்கு 8.21%. நீண்ட கடனில் ஆரம்ப ஆண்டுகளின் தவணை பெரும்பாலும் வட்டிக்கே போய்விடுகிறது, அசல் கழிய வெகுநாள் ஆகிறது. சராசரி நிலுவை கடனில் பாதிக்கு மேலேயே நிற்பதால் ஃபிளாட்டோடு உள்ள இடைவெளி சுருங்குகிறது. அதனால் மூன்று ஆண்டுக் கேள்விக்குக் கண்டுபிடித்த சம விகிதத்தை இருபது ஆண்டுக் கேள்வியில் தூக்கி வைக்கக் கூடாது.

ஒப்பீட்டுக் கேள்வியில் கடைசி வரியை எழுதும்போது விகிதத்தை விகிதத்தோடு ஒப்பிடாமல், தவணையைத் தவணையோடும் மொத்த வட்டியை மொத்த வட்டியோடும் ஒப்பிட்டு எழுதுங்கள். “12% குறையும் நிலுவைக் கடனில் மாதம் ரூ.47.61, மூன்று ஆண்டில் ரூ.1,714 குறைவு” என்று முடித்தால் திருத்துபவர் தேடும் எண் அந்த வரியிலேயே இருக்கும்.