ஐஐடி ஜாம் இயற்பியல்: கண்ணாடியில் திரும்பும் அந்த 4 சதவீதம்

ஜாம் ரிசல்ட் வந்துவிட்டது. ரேங்க் நினைத்ததைவிடக் கொஞ்சம் பின்னால்தான், ஆனாலும் போதும். நாகர்கோவில் பக்கம் இருந்து அடுத்து எழுதப் போகிறவர்கள் ஒளியியலை எப்படிப் படித்தாய் என்று கேட்கிறார்கள். எல்லாவற்றையும் எழுதப் பொறுமை இல்லை. செங்குத்துப் படுகையில் எதிரொளிப்பு, இதை மட்டும் சொல்கிறேன். இதில் தெளிவு வந்தால் மின்காந்த அலைகள் பகுதியும் பாதி முடிந்த மாதிரி.

சூத்திரம் உங்களுக்குத் தெரியும். நான் இரண்டு ஒளிவிலகல் எண்களைத் தனித்தனியாகச் சுமப்பதில்லை. விகிதம் m = n₂/n₁ எடுத்துவிடுவேன்.

R = ((m − 1)/(m + 1))²

காற்றிலிருந்து 1.5 கண்ணாடிக்கு: 0.5/2.5 = 0.2, வர்க்கம் 0.04. கண்ணாடியிலிருந்து காற்றுக்கு m தலைகீழாகிறது, R மாறாது. மாறுவது வீச்சின் குறி மட்டும். அடர்ந்த ஊடகத்தின் மேல் விழும்போதுதான் π கட்ட மாற்றம். பல விடை வினாக்களில் இந்த ஒரு வரியைப் புரட்டிப் புரட்டிக் கேட்கலாம்.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். நான் போன பயிற்சி மையத்தின் நோட்ஸில், ஊடுருவும் ஒளியின் பங்கு t² என்று அச்சடித்திருந்தார்கள். t = 2n₁/(n₁ + n₂), அதாவது 0.8. வர்க்கம் 0.64. இதோடு 0.04 சேர்த்தால் 0.68. என்னோடு படித்த மார்த்தாண்டம் பையன் அதைப் பார்த்துவிட்டு, "மக்கா, மிச்ச வெளிச்சம் எங்கல போச்சு?" என்றான். கண்ணாடி உறிஞ்சியிருக்கும் என்று சாரிடமிருந்து பதில் வந்தது. உறிஞ்சுதலே இல்லை என்று கணக்கிலேயே போட்டிருந்தது!

அந்த வாதத்தை முடித்து வைத்தது எதிர்ப்பக்கக் கணக்குதான். கண்ணாடியிலிருந்து காற்றுக்கு t = 3/2.5 = 1.2. வர்க்கம் 1.44. உள்ளே போனதைவிட அதிக ஒளி வெளியே வர முடியுமா? செறிவு என்பது மின்புல வீச்சின் வர்க்கம் மட்டும் அல்ல. அது n × E² க்கு நேர்விகிதத்தில் இருக்கும். அதனால் T = (n₂/n₁) t². முதல் கணக்கில் 1.5 × 0.64 = 0.96, இரண்டாவதில் 1.44/1.5 = 0.96. R + T = 1. எதிரொளிப்பில் இந்தத் தொல்லை இல்லாததற்குக் காரணம், படும் ஒளியும் திரும்பும் ஒளியும் ஒரே ஊடகத்தில் இருக்கின்றன. எந்தக் கணக்கானாலும் R + T கூட்டிப் பார்க்காமல் நான் விடை தட்டுவதில்லை. நேர வீண் என்பார்கள், சொல்லட்டும்.

அடுத்தது, கண்ணாடிப் பலகை. அதற்கு இரண்டு முகம். மொத்தம் 8 சதவீதம் என்று எழுதினால் கிட்டத்தட்டச் சரி. உள்ளே திரும்பத் திரும்பப் பட்டு வருவதையும் சேர்த்தால் 2R/(1 + R) = 0.08/1.04, அதாவது 7.7 சதவீதம். இரண்டு தசம இடம் கேட்டால் இந்த வேறுபாடு தெரிந்துவிடும். மெல்லிய படலமாக இருந்தால் இப்படிச் செறிவுகளைக் கூட்டக் கூடாது, அங்கே குறுக்கீட்டு விளைவு வரும்.

கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலத்தில் நின்றபோது தோன்றிய கணக்கு இது: கண்ணாடி நனைந்தால் மேல் முகம் கூடுதலாக எதிரொளிக்குமா, குறைவாகவா? பளபளப்பைப் பார்த்துக் கூடுதல் என்றுதான் சொல்லத் தோன்றும். போட்டுப் பாருங்கள்.

- காற்று–நீர்: (0.33/2.33)² = 0.020
- நீர்–கண்ணாடி: (0.17/2.83)² = 0.0036

நீர்ப்படலம் சமமாக, ஓரளவு தடிமனாக இருந்தால் மொத்தம் ஏறக்குறைய 2.4 சதவீதம். உலர்ந்த கண்ணாடியின் 4 ஐ விடக் குறைவு. தாவல் இரண்டு சிறு படிகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் வர்க்கமாவதால் குறைகிறது. திவலைகளாக நின்றால் பரப்பு வளைந்துவிடும், இந்தக் கணக்கு நிற்காது. கேமரா லென்ஸ் மேல் பூசும் மக்னீசியம் ஃபுளோரைடுக்கும் (n = 1.38) இடைப்பட்ட எண்தான், ஆனால் அது கால் அலைநீளத் தடிமன் என்பதால் குறுக்கீடும் உதவி 1.4 சதவீதம் வரை இறங்குகிறது.

சாய்வாக விழும் ஒளிக்கு? முனைவாக்கம் இல்லாத ஒளிக்கு 30 டிகிரி வரை 4 ஐ ஒட்டியே இருக்கும். அதற்கு மேல் ஃப்ரெனல் சமன்பாடுகளை முழுதாகப் போடுங்கள்.

எண் விடை வினாவில் 'பங்கு' என்றால் 0.04, 'சதவீதம்' என்றால் 4. திரையில் தட்டும் முன் கடைசி வரியை இன்னொரு தடவை படியுங்கள். அங்கே நெகட்டிவ் மார்க் கிடையாது, அதனால் காலியாகவும் விடாதீர்கள்.