இரண்டு வயது மகனுக்கு அடிப்படைப் பற்றன் வரைந்த அனுபவம்

கிளிநொச்சிக்குப் போன அந்த நாளை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல்தான். ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் வந்து, அங்கே பஸ் மாறி, இடுப்பில் மகனையும் தோளில் பையையும் வைத்துக்கொண்டு ஒரு தையல் பயிற்சி நிலையத்துக்குப் போனேன். இரண்டு வயதுப் பிள்ளைக்குச் சட்டைக்கும் காற்சட்டைக்கும் ஒரு அடிப்படைப் பற்றன் வரையப் பழக வேண்டும் என்பதுதான் என் தேவை. அந்தப் பேப்பர் வடிவம் ஒன்று கையில் இருந்தால் பிறகு எந்தத் துணியையும் அதை வைத்தே வெட்டலாம். அங்கிருந்தவர் அளவு அட்டவணையை ஒருமுறை பார்த்துவிட்டு, "எங்களிட்ட அஞ்சு வயசுக்கு மேலதான் இருக்கு. அதைக் குறைச்சு வெட்டுங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பிள்ளையை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

நானும் அதை நம்பினேன். ஐந்து வயதுப் பிள்ளையின் உயரம் ஏறக்குறைய 43 அங்குலம், என் மகன் 34. ஆகவே எல்லாவற்றையும் 80 வீதமாகக் குறைத்தேன். அட்டவணையில் மார்பு 22½ என்று இருந்தது. குறைத்தால் 18 வருகிறது. வெட்டித் தைத்துப் போட்டுப் பார்த்தபோது சட்டை நெஞ்சில் இறுகி நின்றது. அதன் பிறகுதான் நாடாவை எடுத்து அவனை அளந்தேன். மார்பு 20. இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

சின்னப் பிள்ளை பெரிய பிள்ளையின் சுருக்கம் இல்லை. கால்தான் குட்டை, தலையும் வயிறும் அப்படிக் குறைவதில்லை. என் மகனுக்கு மார்பு 20, வயிறும் 20, தலைச்சுற்று 19¼. இடுப்பு என்று உள்ளே வளைத்து வெட்டுவதற்கு அவன் உடம்பில் இடமே இல்லை. அளவெடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: வயிற்றைச் சோறு சாப்பிட்ட பிறகு அளக்க வேண்டும். காலையில் எடுத்த அளவுக்கும் மத்தியானம் எடுத்த அளவுக்கும் ஒரு அங்குலம் வித்தியாசம் இருந்தது. மற்ற அளவுகளை அவன் தூங்கும்போது எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது தடவை சட்டையைப் பிறவுண் பேப்பரில் நேரடியாக அவன் அளவிலேயே வரைந்தேன். மார்பு 20 உடன் தளர்வு 4 சேர்த்து 24, அதில் கால்பங்கு 6. முதுகு நீளம் 8½. கழுத்து அகலம் 2¼, முன்கழுத்து இறக்கம் 2¼, பின்கழுத்து ½. உடம்புக்கு ஒடுங்கத் துணியை மடித்துத் தைக்கும் டாட் எதுவும் தேவையில்லை. இதுவரை சிக்கல் வரவில்லை. பழைய சாரம் ஒன்றைக் கிழித்து மாதிரி தைத்தேன். கழுத்துக்குப் பின்னால் 3 அங்குலம் பிளந்து ஒரு கொக்கி வைத்தேன்.

தலை காதோடு நின்றுவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. பிள்ளை இருட்டில் மாட்டியது போலக் கத்திவிட்டான். சாரத்தைக் கத்தரிக்கோலால் வெட்டித்தான் அவனை வெளியே எடுத்தேன். இரண்டு நாள் எந்தச் சட்டையைக் கண்டாலும் ஓடினான். அந்தக் கத்தலை நான் இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் இந்த ஒரு கணக்கை மட்டும் விளக்கமாக எழுதுகிறேன்.

நாடாவைக் குத்தாக நிறுத்தி, பேப்பரில் வரைந்த கழுத்துக் கோட்டின் மேல் வளைத்து அளந்தேன். முழுக் கழுத்தும் 11¾. தலை 19¼. குறை 7½. ஒரு பிளவு திறக்கும்போது அதன் இரண்டு ஓரங்களும் சுற்றளவோடு சேரும். அப்படியானால் 3 அங்குலப் பிளவு கொடுப்பது 6தான். 17¾ தான் கிடைக்கும். குறைந்தது 3¾ வேண்டும், இழுக்காமல் போக 4½ வேண்டும். தோளில் திறந்தால் என்ன என்றும் பார்த்தேன். தோள் நீளம் 2¾. ஒரு தோளை முழுதாகத் திறந்தாலும் 17¼ தான், போதாது. இரண்டு தோளையும் திறந்தால் 22¾ வரும், தாராளமாகப் போகும். பனியன் துணி என்றால் இழுபடும். இழுபடாத பருத்திக்கு இந்தக் கணக்கைப் பார்க்காமல் வெட்டவே வேண்டாம்.

கடைசியில் முன்பக்கம் முழுவதையும் திறந்துவிட்டேன். காரணம் அம்மா. அவன் பகலில் அவவோடுதான் இருக்கிறான்; அவவுக்குக் கைமூட்டு வலி. பிள்ளையைத் தூக்கி நிறுத்தித் தலையால் போட அவவால் முடியாது. முன்பக்கம் திறந்த சட்டையைப் பாயில் விரித்து, அதன்மேல் அவனைக் கிடத்தி, இரண்டு கையையும் விட்டு மூடிவிடலாம். நடுக்கோட்டுக்கு வெளியே இரண்டு பக்கமும் ¾ அங்குலம் மேல்மடிப்பு வைத்தேன். அடிப்படைப் பற்றனில் இதைச் சேர்க்காதீர்கள். அதிலிருந்து படியெடுக்கும்போது சேருங்கள்.

பொத்தானுக்குப் பதில் அழுத்துப் பொத்தான் போட்டேன். தைத்த பொத்தான் கழன்றால் நேரே வாய்க்குத்தான் போகும். ஆனால் அதிலும் அடிபட்டேன். மெல்லிய பருத்தியில் ஒற்றை மடிப்பின்மேல் அடித்தேன். மூன்றாவது முறை அம்மா இழுத்துத் திறந்தபோது பொத்தான் துணியோடு பிய்ந்து கையில் வந்தது. இப்போது உள்ளே அதே துணியில் ஒரு பட்டியை இரண்டாக மடித்து வைத்து, அதையும் சேர்த்துத்தான் அடிக்கிறேன். அடித்த பிறகு ஒவ்வொன்றையும் பலமாக இழுத்துப் பார்க்கிறேன்.

பிறகு கைக்குழி. கை அசைய இடம் வேண்டும் என்று அதை ஒரு அங்குலம் கீழே இறக்கியிருந்தேன். அவன் "தூக்கு" என்று கையை நீட்டினால் முழுச் சட்டையும் மேலே ஏறி வயிறு வெளியே வந்தது. பக்கத்து வளவு அக்கா பல வருடம் காமென்ட்ஸில் வேலை செய்தவ. அவ பார்த்த உடனேயே சொன்னா: "கைக்குழியை மேல எடு தங்கச்சி. கை கீழ இருந்து இழுத்தா சட்டையும் சேர்ந்து வரும்." மார்பின் கால்பங்கு 5, அதனோடு ¼ மட்டும் சேர்த்து 5¼ ஆழத்தில் வரைந்தேன். கை தூக்கினால் சட்டை கொஞ்சம்தான் அசைகிறது. வயிற்றுக்காக முன்பக்க அடிவிளிம்பின் நடுவை ½ அங்குலம் கீழே இறக்கி, பக்கத் தையல் வரை மெல்ல வளைத்துச் சேர்த்தேன். இது இல்லாதபோது முன்விளிம்பு தூக்கி நின்றது. பக்கத் தையலும் முன்னால் சரிந்து வந்தது. உங்கள் சட்டையில் அந்த இரண்டையும் கண்டால் வயிற்றுக்கு நீளம் போதவில்லை என்று அர்த்தம்.

காற்சட்டைக்கு வந்தேன். பிட்டத்தைச் சுற்றி அளக்கும் சீட் அளவு துணி நப்பி கட்டாமல் 21, கட்டினால் 23. நப்பியோடு அளந்ததையே எடுத்து, தளர்வு 3 சேர்த்து 26, கால்பங்கு 6½. உட்காரவைத்து இடுப்பிலிருந்து கதிரைப் பலகை வரை 6¾. அதனோடு 1¼ சேர்த்து 8 ஆழம். கவட்டுக்கு முன்னால் 1¼, பின்னால் 2½ நீட்டினேன். இடுப்புக்கு இலாஸ்டிக், 18½. இடுப்பை ஒடுக்காமல் விட்டதால் நப்பிக்கு மேலால் ஒரே இழுவையில் ஏறியது. நிற்கும்போது அவ்வளவு வடிவாக இருந்தது. நான் சந்தோசப்பட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவன் முற்றத்தில் மண் கிள்ளக் குந்தினான். பின்பக்கம் சறுக்கி இரண்டு விரல் கீழே வந்து நப்பி தெரிந்தது. முன்னால் இலாஸ்டிக் வயிற்றில் அழுத்தியது. அடுத்த நாள் சுற்றிவர ஒரு அங்குலம் உயர்த்தி வெட்டினேன். அது தவறான வைத்தியம். முன்பக்கம் நெஞ்சுக்குக் கிட்டப் போய் மடிந்து நின்றது. பின்பக்கம் குந்தினால் இன்னும் கீழேதான். நல்ல துணி ஒன்று வீணாய்ப் போனது.

அக்கா நாடாவை வாங்கிக்கொண்டு கேட்டா: "நிண்டா ஒரு அளவு, குந்தினா ஒரு அளவு. நீ எதை அளந்தனி?" அவனை நிறுத்திப் பின் இடுப்பிலிருந்து கவடு வரை அளந்தோம்: 9. பிஸ்கட் ஒன்றைத் தரையில் வைத்துக் குந்தவைத்து அதே இடத்தை அளந்தோம்: 10½. நான் வரைந்ததில் அந்த ஒன்றரை அங்குலத்துக்கு இடமே இல்லை. முன்பக்கம் குந்தும்போது நீளுவதில்லை, சுருங்குகிறது. ஆகவே நீளம் பின்னால் மட்டும்தான் வேண்டும்.

செய்தது இதுதான். பின்பக்கப் பற்றனில், இடுப்புக்கும் கவட்டுக்கும் நடுவில், நடுத்தையலிலிருந்து பக்கத் தையலை நோக்கி ஒரு நேர்கோடு வெட்டினோம். பக்க ஓரத்தில் நூலிழை அளவுக்குப் பேப்பரை விட்டோம், அது கீல் மாதிரி நின்றது. நடுவில் 1¼ திறந்து, அடியில் துண்டுப் பேப்பர் வைத்து ஒட்டினோம். நடுத்தையல் நீண்டது, பக்கத் தையல் பழைய அளவிலேயே நின்றது; முன்பக்கத்தோடு பிசகாமல் பொருந்தியது. மேல் கோடு பின்னால் தானாகவே சரிந்து உயர்ந்தது. மீதிக் கால் அங்குலத்தை ஏற்கெனவே இருந்த தளர்வு பார்த்துக்கொண்டது. நான் ஆசையில் ஒருமுறை 2 அங்குலம் திறந்து பார்த்தேன். அவன் நிற்கும்போது பின்னால் பை மாதிரித் தொங்கியது. அளவுக்கு மேல் திறந்துவிட்டோம் என்பதற்கு அந்தத் தொங்கல்தான் அடையாளம்.

கால் விளிம்பை 10 அங்குலச் சுற்றாக விட்டேன், குதிகால் தடங்காமல் போகிறது. தையலுக்கான ½ அங்குலத்தைப் படியெடுக்கும்போது மறக்காதீர்கள். பற்றன் கோட்டிலேயே வெட்டினால் இந்தத் தளர்வு எல்லாம் தையலுக்குள் போய்விடும்.

இப்போது இரண்டு பற்றனும் அலுமாரிக் கதவின் உள்பக்க ஆணியில் தொங்குகின்றன. ஓரத்தில் அளந்த திகதியும் அன்றைய உயரமும் எழுதியிருக்கிறேன். நேற்று பின்னேரம் கிணற்றடியில் குளிப்பாட்டிய பிறகு அம்மா தனியாகவே அவனைப் பாயில் கிடத்திச் சட்டை மாட்டினா. நான் அடுப்படியிலிருந்து காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அழுகைச் சத்தம் வரவில்லை. டக், டக் என்று ஐந்து அழுத்துப் பொத்தான்களின் சத்தம் மட்டும் கேட்டது.