ரிஃபைனரில் கூட்டினால் டிரையரில் தெரியும்

எங்கள் ஊரைச் சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள்தான். இங்குள்ள காகித ஆலைக்குப் பயிற்சிக்கு வரும் பையன்கள் பலரின் அப்பாவோ மாமாவோ எண்ணெய் ஆலை பாய்லரில் வேலை பார்த்தவர்கள். அதனால் ஸ்டீம் அவர்களுக்குப் புதிதில்லை, கூழ்தான் புதிது. அவர்களுக்காக ஆலையின் செயல்முறைக் குறிப்பைத் தமிழில் எழுதும் வேலை என்னிடம் வந்தது.

ஆங்கிலக் குறிப்பில் மூன்று பகுதிகள் இருந்தன: கூழாக்குதல், ரிஃபைனிங், உலர்த்துதல். ஒவ்வொன்றும் அந்தந்தப் பிரிவோடு முடிந்துவிடும்.

முதல் பகுதி சுலபம். பழைய அட்டைப்பெட்டிகளைப் பல்ப்பரில் தண்ணீரோடு கலக்கி நாரைப் பிரிக்கிறோம். 4 சதவீதக் கூழ் என்றால் ஒரு டன் காய்ந்த நாருக்கு 24 டன் தண்ணீர். இங்கே நாரைப் பிரித்தால் போதும், வெட்டக் கூடாது.

ரிஃபைனர் பகுதிக்கு வந்ததும் நின்றுவிட்டேன். "தாளின் வெடிப்பு வலிமை குறைந்தால் ரிஃபைனர் லோடைக் கூட்டவும்" என்று ஒரே வரி. தப்பில்லை. ரிஃபைனரில் வரிவரியாகப் பட்டைகள் உள்ள இரண்டு தட்டுகள் மிக நெருக்கமாக எதிரெதிரே இருக்கின்றன, அவற்றில் ஒன்று சுழல்கிறது. லோடைக் கூட்டுவது என்றால் தட்டுகளை இன்னும் நெருக்கி நாரை அதிகமாகத் தேய்ப்பது. நடுவே போகும் நாரின் மேல்தோல் பிசிறி விரிகிறது, நார் வளைந்துகொடுக்கிறது, காயும்போது ஒன்றோடொன்று நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. வலிமை அதில்தான் வருகிறது. ஆனால் பிசிறிய நார் தண்ணீரையும் விடாமல் பிடித்துக்கொள்ளும். அந்தப் பாதி குறிப்பில் எங்குமே இல்லை.

அதனால் அந்த வரிக்குக் கீழே ஒரு ராத்திரி ஷிஃப்ட் கதையைச் சேர்த்தேன். ரிஃபைனருக்கும் தாள் செய்யும் மிஷினுக்கும் நடுவே 40 கன மீட்டர் கூழ் உள்ள தொட்டி இருக்கிறது, நிமிடத்துக்கு 2 கன மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். லோடைக் கூட்டினால் அது தாளில் தெரியவே சுமார் 20 நிமிடம் ஆகும். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, வலிமை ஏறவில்லையே என்று பையன் மறுபடியும் கூட்டுகிறான். அப்புறம் இரண்டும் சேர்ந்து மிஷினுக்கு வருகின்றன.

முதலில் காட்டிக்கொடுப்பது வயர்தான், அதாவது கூழிலிருந்து தண்ணீரை வடியவிடும் வலை. ஓடும் வயரின் மேல் கூழ் கண்ணாடிபோல் மின்னிக்கொண்டு வரும், ஓர் இடத்தில் தண்ணீர் இறங்கி அந்த மினுமினுப்பு மங்கும். அந்தக் கோடு வழக்கமான இடத்தைவிட, ஈரத்தாளைப் பிழியும் பிரஸ் பக்கம் நகர்ந்தால், கூழ் தண்ணீரை விட மறுக்கிறது என்று அர்த்தம். பையன்களை வயர் ஓரம் நிறுத்தி இதைக் காட்டிய பிறகுதான், "அண்ணே, அப்போ டிரையர்காரருக்கு முன்னாடியே நமக்குத் தெரிஞ்சிடுமே" என்றான் ஒருவன். ஆமாம், தெரிந்துவிடும்.

பிரஸ்ஸிலிருந்து வெளிவரும் தாளில் காய்ந்த பங்கு 42 சதவீதம் என்றால், ஒரு கிலோ நாரோடு 1.38 கிலோ தண்ணீர், ஸ்டீமால் சூடாகும் உருளைகள் உள்ள டிரையருக்குள் போகிறது. 40 சதவீதம் என்றால் 1.5 கிலோ. கடைசித் தாளில் 7 சதவீத ஈரம் விடுவதாக வைத்துக் கணக்குப் போட்டால், டிரையர் ஓட்ட வேண்டிய தண்ணீர் கிட்டத்தட்ட 9 சதவீதம் கூடிவிடுகிறது. காய்ந்த பங்கில் இரண்டே புள்ளிதான் குறைந்தது! ஸ்டீமின் விலை தெரிந்த பையன்களுக்கு இந்தக் கணக்கு உடனே உறைத்தது.

டிரையரில் நிற்பவருக்கு ரிஃபைனரில் நடந்தது தெரியாது. ஈரம் ஏறுகிறதே என்று ஸ்டீமைத் திறக்கிறார். முதல் சில உருளைகளும் சேர்ந்து சூடாகிவிட்டால், இன்னும் பலம் வராத ஈரத்தாள் உருளையில் ஒட்டி நார் பிய்கிறது, தாள் அறுகிறது. முதல் உருளைகளின் சூடு படிப்படியாகத்தான் ஏற வேண்டும் என்ற வரியைத் தடித்த எழுத்தில் போட்டேன்.

இப்போது தமிழ்க் குறிப்பில் ரிஃபைனர் வரி நீளமாகிவிட்டது. லோடைக் கூட்டுவதற்கு முன் தாளின் எடையைப் பார். எடை குறைந்தாலும் வலிமை குறையும். எடை சரி என்றால் லோடைச் சிறிதளவு கூட்டு, டிரையர்காரரிடம் சொல், தொட்டி மாறும்வரை காத்திரு. வயரின் கோட்டையும், கூழ் தண்ணீரை எவ்வளவு சுலபமாக விடுகிறது என்று அளக்கும் வடிதல் சோதனையையும் பார். அந்தச் சோதனை 20 டிகிரித் தண்ணீருக்கானது. நம் ஊர் வெதுவெதுப்பில் தண்ணீர் வேகமாக வடிந்து அளவு கூடுதலாகக் காட்டும், திருத்தி எழுது.

இன்னொன்றையும் சேர்த்தேன். பழைய அட்டையின் நார் ஏற்கெனவே காய்ந்து விறைத்தது, துகளும் அதிகம். அதை எவ்வளவு தேய்த்தாலும் ஒரு கட்டத்துக்கு மேல் துகள்தான் பெருகும். வடிதல் குறையும், வலிமை ஏறாது. வடிதல் இறங்கியும் வலிமை அங்கேயே நின்றால் லோடைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, பல்ப்பருக்கு எந்த அட்டை போகிறது என்று போய்ப் பார்க்க வேண்டும்.