இருபது ‘ஆம்’ எனக்குச் சொன்ன பொய்

பி.பி.ஏ. மூன்றாம் ஆண்டில் ஆளுக்கு ஒரு தொழில் திட்டம் எழுதித் தர வேண்டும். நான் எடுத்துக்கொண்டது கம்பங்கூழ். கோவை பீளமேட்டுப் பக்கம் இருக்கும் பெண்கள் விடுதிகளுக்குக் காலையில் பாட்டிலில் கூழ் கொண்டுபோய்க் கொடுப்பது. சந்தை ஆய்வுக்காக ஒரு கூகுள் ஃபார்ம் போட்டு வாட்ஸாப்பில் சுற்றவிட்டேன். முக்கியமான கேள்வி இதுதான்: “அவசர வாழ்க்கையில் பலரும் காலை உணவைத் தவிர்த்து உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள். சத்தான, மலிவான கம்பங்கூழ் உங்கள் விடுதிக்கே வந்தால் வாங்குவீர்களா?”

இரண்டு நாளில் 23 பேர் பதில் சொன்னார்கள். அதில் 20 பேர் ‘ஆம்’. 87 சதவீதம்! விடுதிகளில் ஆயிரம் பேருக்கு மேல் இருக்கிறார்கள், ஆக தினமும் 900 பாட்டில் போகும் என்று திட்டத்தில் எழுதிவிட்டேன்.

வழிகாட்டி மேடம் அதைப் படித்துவிட்டுக் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: “இந்த 23 பேர்ல விடுதியில இருக்கறவங்க எத்தனை பேர்?” எண்ணிப் பார்த்தேன். நான்கு பேர். மற்றவர்கள் என் வகுப்புத் தோழிகள், அக்கா, சித்தி பெண்கள். சித்தியே ஒரு தடவை நிரப்பியிருந்தார்.

“சரி மேடம், இன்னும் நிறைய பேருக்கு ஃபார்வர்டு பண்ணி 500 பதில் வாங்கிடறேன்” என்றேன். அதற்கு அவர் 1936 அமெரிக்க அதிபர் தேர்தல் கதையைச் சொன்னார். ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற பத்திரிகை ஏறக்குறைய ஒரு கோடிப் பேருக்குப் படிவம் அனுப்பியது. சுமார் 24 லட்சம் பேர் பதில் எழுதினார்கள். அதை வைத்து லாண்டன் ஜெயிப்பார் என்றது பத்திரிகை. ஆனால் 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் அள்ளிக்கொண்டு போனார். பெயர்களை எடுத்த பட்டியல்களில் டெலிபோனும் காரும் வைத்திருந்தவர்கள் அதிகம், பதில் போட மெனக்கெட்டவர்களும் ஒரு பக்கம் சாய்ந்தவர்கள். தப்பான இடத்தில் கேட்டால் 24 லட்சம் பதில் வந்தும் பிரயோஜனமில்லை. என் 500 எம்மாத்திரம்?

அதனால் முதலில் யாரைக் கேட்பது என்று முடிவு செய்தோம். எட்டு விடுதிகளின் வார்டன்கள் சம்மதித்தார்கள். மொத்தம் 1,040 கட்டில்கள். எத்தனை பேரைக் கேட்டால் போதும் என்பதற்கு மேடம் ஒரு குறுக்குவழி சொன்னார். ஒன்றை, ஆட்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் பிழை எல்லை, அதாவது நமக்குக் கிடைத்த சதவீதம் உண்மையிலிருந்து எவ்வளவு விலகலாம் என்பது, தோராயமாகக் கிடைக்கும். 25 பேர் என்றால் 20 சதவீதப் புள்ளி முன்னே பின்னே. 100 பேர் என்றால் 10 புள்ளி. 5 புள்ளிக்குக் கொண்டுவர 400 பேர் வேண்டும். பிழையைப் பாதியாக்க ஆட்களை நான்கு மடங்காக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. தனியாளாக 400 பேரைச் சந்திக்க முடியாது. 10 புள்ளி போதும் என்று வைத்துக்கொண்டேன். ஆனால் இந்தக் கணக்கெல்லாம் ஆட்களை நம் இஷ்டத்துக்குப் பொறுக்காமல் குலுக்கல் முறையில் எடுத்தால்தான் செல்லும்.

பெயர்ப் பட்டியல் தர வார்டன்கள் மறுத்துவிட்டார்கள், அது நியாயமும்கூட. கட்டில் எண் இருந்தாலே போதுமே. ஒன்று முதல் பத்துக்குள் ஒரு சீட்டு எடுத்தேன், 7 வந்தது. 7, 17, 27 என்று ஒவ்வொரு பத்தாவது கட்டிலாக 104 கட்டில்கள். அதில் ஆறு காலி, மீதி 98 பேர்.

அடுத்தது கேள்விகள். பழைய கேள்வியை மேடம் அக்கக்காகப் பிரித்துப் போட்டார். முதல் வாக்கியமே ‘இல்லை’ என்பவரைக் குற்றவாளி ஆக்குகிறது. ‘சத்தான’, ‘மலிவான’ இரண்டுமே விளம்பரம். சத்து வேண்டும், ஆனால் விலை கட்டாது என்று நினைப்பவர் எதை டிக் பண்ணுவார்? விலையே சொல்லாமல் ‘வாங்குவீர்களா’ என்றால், எதிரே நிற்பவளின் முகத்துக்காகவாவது ‘ஆம்’ என்றுதான் சொல்வார்கள். அதனால் வரப்போவதைக் கேட்காமல் நடந்ததைக் கேட்பது என்று முடிவானது: “நேற்றுக் காலை என்ன சாப்பிட்டீர்கள்? எங்கே வாங்கினீர்கள்? எவ்வளவு ஆனது?” கூழ் என்ற சொல் கடைசிக் கேள்வியில்தான் வரும். பாட்டிலைக் கையில் எடுத்துப் போகவும் கூடாது.

படிவத்தை ஆறு பேரிடம் கொடுத்து, சத்தமாக யோசித்துக்கொண்டே நிரப்பச் சொன்னேன். ஒரு பெண் கேட்டாள்: “பதினொரு மணிக்கு ஆபீஸ் கேன்டீன்ல வடை சாப்பிடுவேன், அது காலை உணவா?” இன்னொரு கேள்வியில் ‘அடிக்கடி’ என்று போட்டிருந்தேன். ஒருத்திக்கு அது வாரத்தில் இரண்டு நாள், இன்னொருத்திக்கு ஐந்து நாள். ‘காலை உணவு’ என்பது ‘எழுந்தபின் முதலில் சாப்பிட்டது’ என்றானது. ‘அடிக்கடி’ இருந்த இடத்தில் ‘கடந்த 7 நாளில் எத்தனை நாள்’ என்று வந்தது.

மாலை ஏழு முதல் ஒன்பது வரை போனேன். முதல் சுற்றில் 61 பேர் கிடைத்தார்கள். பக்கத்துக் கட்டில்காரியைக் கேட்டால் சீக்கிரம் முடிந்துவிடுமே என்று கை பரபரத்தது. கேட்கவில்லை. நல்லவேளை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் திரும்பப் போய் இன்னும் 30 பேரைப் பிடித்தபோது தெரிந்தது, அவர்களில் பெரும்பாலோர் நைட் ஷிஃப்ட்காரர்கள். காலை எட்டு மணிக்கு அவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். முதல் 61 பேரோடு நிறுத்தியிருந்தால் அப்படி ஒரு கூட்டம் இருப்பதே என் கணக்கில் வந்திருக்காது.

மொத்தம் 91 பேர். அவர்களில் 52 பேர் விடுதி மெஸ்ஸில் சாப்பிட்டிருந்தார்கள். மாத வாடகையிலேயே அந்தச் சாப்பாட்டுக்கும் சேர்த்துப் பணம் கட்டியாகிவிட்டது. ஆக என் போட்டி பேக்கரியோ தள்ளுவண்டியோ அல்ல, ஏற்கெனவே காசு கொடுத்துவிட்ட இட்லி! 24 பேர் எதுவும் சாப்பிடவில்லை. 11 பேர் வெளிக்கடையில், 4 பேர் கையிருப்பில் இருந்த பழம், பிஸ்கட்.

விலைக்கு மூன்று படிவங்கள் அச்சடித்துக் கலந்து வைத்திருந்தேன். ஒருவருக்கு ஒரு விலைதான் தெரியும். 25 ரூபாய் பார்த்த 30 பேரில் 11 பேர் வாங்குவதாகச் சொன்னார்கள். 35 ரூபாய் பார்த்த 31 பேரில் 7 பேர். 45-க்கு 30 பேரில் 2 பேர். இதை வைத்து அழகாக ஒரு வரைபடம் போட்டேன். மேடம் அதையும் அடித்துவிட்டார். 91 பேரை மூன்றாகப் பிரித்த உடனே ஒவ்வொன்றும் 30 பேர் மாதிரி ஆகிவிடுகிறது, பிழை 18 புள்ளி. 11-க்கும் 7-க்கும் உள்ள வித்தியாசம் வெறும் தற்செயலாக இருக்கலாம். 45 ரூபாய் எடுபடாது என்பதை மட்டும் ஓரளவு தைரியமாகச் சொல்லலாம்.

‘வாங்குவேன்’ என்ற அந்த 20 பேரிடமும் கடைசியாக, அடுத்த வாரத்துக்கு 50 ரூபாய் முன்பணம் தர முடியுமா என்று கேட்டேன். ஆறு பேர் கொடுத்தார்கள். 91-க்கு 6 என்றால், 1,040 கட்டில்களும் நிரம்பியிருந்தால் ஏறக்குறைய 70 பாட்டில். இவ்வளவு சின்ன எண்ணில் பிழையையும் சேர்த்துப் பார்த்தால் 30 பாட்டிலாகவும் இருக்கலாம், 140 ஆகவும் இருக்கலாம். 900 என்று எழுதியிருந்த இடத்தில் இந்த வரம்பை எழுதி, 30 பாட்டில் மட்டும் போனால் எத்தனை மாதம் கைக்காசு போடவேண்டும் என்ற கணக்கையும் சேர்த்தேன்.

முன்பணம் கொடுத்த ஆறு பேரில் நான்கு பேர் நைட் ஷிஃப்ட். “காலையில வேண்டாம், சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கொண்டுவா, அப்பதான் எனக்கு விடியும்” என்றாள் ஒருத்தி. நான்கு பேரை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாதுதான். அடுத்த படிவத்தில் எத்தனை மணிக்கு எழுவீர்கள் என்பது முதல் கேள்வியாகிவிட்டது.