முழு எண்ணாக வந்த தவறான விடை

பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வுக்கு முந்தைய வாரம், கோபிசெட்டிபாளையத்தில் படித்த தோழி, தன் பயிற்சித்தாளில் இருந்த அளவியல் படத்தைக் கைபேசியில் எடுத்து அனுப்பியிருந்தாள். உலோகக் கோளம் ஒன்றை உருக்கிச் சிறு கூம்புகளாக வார்த்தால் எத்தனை கிடைக்கும் என்பது வினா. கோளத்தின் குறுக்கே 24 செ.மீ., கூம்பின் அடிப்பக்க ஆரத்தில் 3 செ.மீ., சாய்ந்த விளிம்பையொட்டி 5 செ.மீ. என்று எழுதியிருந்தது, தாளின் மடிப்பில் கோளத்தின் மையப்புள்ளியும் ஓர் அம்புமுனையும் மறைந்துபோயிருந்தன.

உருக்கினாலும் கன அளவு மாறாது என்பதால், கோளத்தின் கன அளவைக் கூம்பின் கன அளவால் வகுக்க வேண்டும். கோளத்தின் ஆரம் R, கூம்பின் ஆரம் r, உயரம் h என்றால், இரண்டிலும் உள்ள π அடிபட்டுப்போய், எண்ணிக்கை 4R³ ÷ r²h என்று சுருங்கிவிடும். இங்கே 22/7 என்று பிரதியிட்டு நேரத்தை வீணாக்கத் தேவையில்லை.

நான் 24ஐ ஆரமாகவும் 5ஐ உயரமாகவும் எடுத்தேன், 1228.8 வந்தது. கூம்பு பின்னமாக வந்ததால் சந்தேகப்பட்டுப் படத்தைப் பார்த்தபோதுதான், 5 என்பது சாயுயரம் என்று தெரிந்தது. 25இலிருந்து 9ஐக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் உயரம் 4 செ.மீ. அதை இட்டதும் 1536 என்று முழு எண் வந்துவிட, அத்துடன் நிம்மதியாக நிறுத்திவிட்டேன். அந்த நிம்மதிதான் தவறு. தாளை நேராக விரித்து மறுபடி எடுத்து அனுப்பச் சொன்னபோது, கோடு மையத்தைக் கடந்து இரு விளிம்புகளையும் தொட்டது. ஆகவே 24 விட்டம், ஆரம் 12. 4 × 1728 ÷ 36 = 192. விட்டத்தை ஆரமாக எடுத்தால் கோளத்தின் கன அளவு எட்டு மடங்காகிவிடும். விடை முழு எண்ணாகவே இருப்பதால் பிழை தன்னைக் காட்டிக்கொள்ளாது.

அதே கோளத்தை 2 செ.மீ. ஆரமுள்ள சிறு கோளங்களாக வார்ப்பது அடுத்த பிரிவு. ஆரங்களின் விகிதம் 6, அதன் கனம் 216. இங்கே இரண்டுக்கும் விட்டத்தையே எடுத்தாலும் விகிதம் மாறாது. பெரியதற்கு விட்டமும் சிறியதற்கு ஆரமும் எடுத்தால் மட்டும் 1728 என்று வரும்.

கோவையில் பவுண்டரி வேலை பார்க்கும் சித்தப்பாவிடம் 192 என்று சொன்னதும், “ஏங்கண்ணு, கசடாப் போனது, அச்சுக்குப் போற வழியில நின்னதெல்லாம் எந்தக் கணக்குல வருமுங்?” என்று சிரித்தார். சேதத்தைக் குறிப்பிட்டும் வினா வரக்கூடும். 10 சதவீதம் வீணாகிறது என்று கொடுத்திருந்தால், 192ஐ 0.9ஆல் பெருக்க 172.8 கிடைக்கும். இந்தப் பின்னம் பிழையன்று. ஆனால் 173ஆவது கூம்பு நிரம்பாது என்பதால் 172 என்றே எழுத வேண்டும்.